ஆறு மில்லிமீட்டர் விரிசல்: விட்டுவைப்பதா, தேய்த்தெடுப்பதா, வெல்டிங் போடுவதா?

இரண்டு மீட்டர் உள்விட்டமும் 75 மில்லிமீட்டர் சுவர்த் தடிமனும் கொண்ட ஓர் அழுத்தக் கலனை ஆலை நிறுத்தத்தின்போது திறந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது 9 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 90 மடங்கில், இயங்கும் கார்பன் எஃகுக் கலன். உட்புறத்தில், நீளவாட்டு வெல்டிங்கின் ஓரத்தில், 30 மில்லிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு விரிசலை அல்ட்ராசோனிக் சோதனை காட்டுகிறது. சுவரில் 69 மில்லிமீட்டர் பழுதில்லாமல் இருக்கிறது. அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பொறியாளர் முன்னால் நான்கு வழிகள் உள்ளன: அப்படியே விட்டுக் கண்காணிப்பது, அழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவது, விரிசலைக் கிரைண்டிங் செய்து எடுத்துவிட்டுப் பள்ளத்தை வெறுமனே விடுவது, எடுத்த இடத்தை வெல்டிங் போட்டு நிரப்புவது. பெரும்பாலானவர்களின் கை முதலில் போவது நான்காவது வழிக்கு. மற்ற மூன்றும் முடியாதென்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை இந்தக் கலனின் எண்களைக் கொண்டே காட்டுகிறேன்.

சுவர் வளையத் திசையில் சுமக்கும் தகைவை, அதாவது ஓரலகுப் பரப்பின்மேல் விழும் விசையை, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்துப் பெறலாம். இங்கே அது 120 மெகாபாஸ்கல். இந்த வகை எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவான யீல்டு வலிமை 260 மெகாபாஸ்கலுக்கு மேல் இருப்பதால், பாதிக்கும் குறைவான சுமையில்தான் கலன் வேலை செய்கிறது. விரிசல் தின்ற 6 மில்லிமீட்டரைக் கழித்துவிட்டு மீதிச் சுவருக்குக் கணக்குப் பார்த்தாலும் தகைவு 130-ஐத்தான் தொடும். வலிமையை மட்டும் பார்ப்பவருக்கு இதில் கவலைப்பட ஒன்றும் தென்படாது. ஆனால் விரிசல் சுவரின் சராசரித் தகைவைப் பார்த்து முறிவதில்லை. தன் கூர்முனையில் என்ன நடக்கிறதோ அதைப் பொறுத்தே முறிகிறது. அந்த முனையில் குவியும் தகைவுப் புலத்தின் அளவை ஜார்ஜ் இர்வின் 1957-இல் ஒரே எண்ணாகச் சுருக்கினார். தகைவுத் தீவிர எண் என்று அதைச் சொல்லலாம்:

```
K = Y σ √(π a)
```

இதில் σ என்பது விரிசலைத் திறக்கும் தகைவு, a என்பது விரிசலின் ஆழம், Y என்பது விரிசலின் வடிவத்தையும் சுவரில் அது இருக்கும் இடத்தையும் பொறுத்த ஒரு பெருக்கல் எண். நம் விரிசலைப் போன்ற ஆழம் குறைந்த மேற்பரப்பு விரிசல்களுக்கு Y ஒன்றை ஒட்டியே இருக்கும். கைக்கணக்குக்கு ஒன்று என்றே எடுத்துக்கொள்கிறேன். K-யின் மதிப்பு, எஃகு தாங்கக்கூடிய எல்லை மதிப்பை எட்டும்போது விரிசல் ஓடத் தொடங்குகிறது. அந்த எல்லை மதிப்பை முறிவுத் தாங்குதிறன் என்பார்கள். இரண்டுக்கும் அலகு மெகாபாஸ்கலை மீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவது. இனி அலகைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் தருகிறேன்.

இந்தச் சூத்திரத்தில் கலனின் விட்டமோ நீளமோ எடையோ நேரடியாக இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கலன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதே தகைவில் அதே ஆழ விரிசலுக்கு K ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய கலன் விரிசலுக்கு எந்தச் சலுகையும் தருவதில்லை. மாறாக நிலைமையை இரண்டு வகையில் மோசமாக்குகிறது. தடித்த சுவருக்குள் இருக்கும் விரிசல் முனையைச் சுற்றியுள்ள எஃகு பக்கவாட்டில் சுருங்க முடியாமல் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருப்பதால், இளகி வளைந்து கூர்மையை மழுங்கடிக்கும் வாய்ப்பு அதற்குக் குறைவு. மெல்லிய தகட்டில் நன்றாகத் தாங்கும் அதே எஃகு தடித்த சுவரில் கண்ணாடிபோல் நடந்துகொள்ள இதுவே காரணம். மேலும் உள்ளே அடைபட்ட வாயு, விரிசல் ஓடத் தொடங்கியபின் உடனே அழுத்தம் இழந்துவிடாது. முறிவு முடியும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும்.

தடித்த சுவர் இப்படிக் கண்ணாடிபோல் முறிந்தது இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனில் 1965 டிசம்பரில் நடந்தது. அம்மோனியா ஆலை ஒன்றுக்காகச் செய்யப்பட்ட, ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் தடிமனும் 16 மீட்டர் நீளமும் கொண்ட கலன், நீரழுத்தச் சோதனையில் நிர்ணயித்த அழுத்தத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே உடைந்தது. ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள துண்டு ஒன்று பட்டறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு 40 மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது. முறிவு தொடங்கிய இடத்தைத் தேடிப் போனவர்கள் கண்டது, வெல்டிங்குக்கு அருகே வெப்பம் தாக்கிய பகுதியில் புதைந்திருந்த, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அளவுள்ள விரிசலை. தகைவு நீக்கும் வெப்பச் சிகிச்சையில் அந்தப் பகுதி உரிய வெப்பநிலையை எட்டாமல் போயிருந்தது. அதனால் வெல்டிங் உலோகம் நொறுங்கும் தன்மையோடே இருந்தது. விரிசல் சிறியதுதான், ஆனால் அது இருந்த உலோகம் அதைப் பொறுத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. நம் கலனுக்கு நான்கு வழிகளையும் எடைபோடும்போது இந்த வேறுபாடே முன்னால் நிற்க வேண்டும்.

முதல் வழி, அப்படியே விட்டுவைப்பது. கேட்பவருக்கு இது பொறுப்பற்ற வழியாகப் படலாம். சரியான கணக்கும் சரியான காரணமும் இருந்தால் அது முறையான வழிதான். அழுத்தத்தால் மட்டும் வரும் K நம் விரிசலுக்கு 16.5. ஆனால் வெல்டிங் ஓரத்தில் அழுத்தம் மட்டும் இல்லை; வெல்டிங் ஆறிச் சுருங்கியபோது உள்ளே பூட்டப்பட்ட எஞ்சிய தகைவும் இருக்கிறது. கலன் செய்யப்பட்டபோது வெப்பச் சிகிச்சை ஒழுங்காக நடந்திருந்தால், அதில் 100 மெகாபாஸ்கல் மீந்திருப்பதாக எடுத்துக்கொள்வது பொருந்தும். நடக்கவில்லையென்றால், வெல்டிங் உலோகத்தின் யீல்டு வலிமை அளவுக்கே, 350 வரை, எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நிலையில் மொத்தத் தகைவு 220, K 30. இரண்டாவது நிலையில் மொத்தத் தகைவு 470, K 64.5. ஒரே கலன், ஒரே விரிசல், ஒரே அழுத்தம்; ஆனால் ஒரு பழைய உலைப் பதிவேட்டின் தாள் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து எண் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. அதனால்தான் கலனின் உற்பத்திக் கோப்பைத் தேடி எடுப்பதற்குச் செலவிடும் ஒரு நாளை நான் ஒருபோதும் வீண் என்று நினைத்ததில்லை.

வெப்பம் தாக்கிய பகுதியின் முறிவுத் தாங்குதிறன் எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் அளந்து வைத்திருப்பதில்லை. ஆகவே எச்சரிக்கையாக 60 என்று வைத்துக்கொள்வோம். வெப்பச் சிகிச்சை பெற்ற கலனில் எந்த ஆழத்தில் K இந்த 60-ஐத் தொடும் என்று திருப்பிக் கணக்கிட்டால், ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் வருகிறது. சிகிச்சை பெறாத கலனிலோ அது 5.2 மில்லிமீட்டர்; அதாவது நம் 6 மில்லிமீட்டர் விரிசல் ஏற்கனவே எல்லையைக் கடந்துவிட்டது. ‘கடந்திருந்தால் ஏன் இன்னும் உடையவில்லை?’ என்று கேட்பது நியாயமே. எடுத்துக்கொண்ட தாங்குதிறன் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம்; எஞ்சிய தகைவு அந்த ஆழத்தில் அவ்வளவு இல்லாமல் இருக்கலாம்; அல்லது கலன் சூடாக ஓடும்போது எஃகு தாங்குகிறது, குளிர்ந்த நிலையில் யாரும் முழு அழுத்தம் ஏற்றவில்லை என்பதாகவும் இருக்கலாம். கடைசிக் காரணம்தான் உண்மையாக இருந்தால், அடுத்த தொடக்கத்தில் அவசரமாக அழுத்தம் ஏற்றும் நாளில் அது தெரியவரும்.

நம் கலனுக்கு வெப்பச் சிகிச்சைப் பதிவேடு இருக்கிறது என்று கொள்வோம். எல்லை 24 மில்லிமீட்டர்; இருப்பது 6. இனி விரிசல் எவ்வளவு வேகமாக வளரும் என்பதே கேள்வி. அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் எவ்வளவு முன்னேறுகிறது என்பதை 1960-களில் உருவான பாரிஸ் விதி சொல்கிறது:

```
da/dN = C (ΔK)^m
```

இதில் da/dN என்பது ஒரு சுற்றில் கூடும் ஆழம், ΔK என்பது அந்தச் சுற்றில் K ஏறி இறங்கும் வீச்சு. எஃகு வெல்டிங்குகளுக்குக் காற்றுச் சூழலில் பிரிட்டனின் பிஎஸ் 7910 தரநூல் தரும் எளிய மதிப்புகளின்படி m என்பது 3. C என்பது, மீட்டர் கணக்கில், 1.65 × 10⁻¹¹. ΔK-க்கு ஏறி இறங்கும் தகைவை மட்டுமே எடுக்க வேண்டும். எஞ்சிய தகைவு அசையாமல் இருப்பதால் அது எல்லை ஆழத்தைக் குறைக்குமே தவிர இந்த வீச்சில் சேராது. கணக்குப்படி, இன்று ஒரு முழுச் சுற்றில் விரிசல் 0.00007 மில்லிமீட்டர் வளர்கிறது. 6-இலிருந்து 24 மில்லிமீட்டரை எட்ட ஏறத்தாழ 81,000 சுற்றுகள் வேண்டும். அவற்றில் 47,000-க்கும் மேல் முதல் 6 மில்லிமீட்டர் வளர்ச்சிக்கே போய்விடும். 12-இலிருந்து 24 வரையிலான பன்னிரண்டு மில்லிமீட்டரை மீதி 34,000 சுற்றுகள் முடித்துவிடும், ஏனென்றால் 24-இல் அதன் வேகம் இன்றைய வேகத்தைப்போல் எட்டு மடங்கு.

ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை மட்டும் நின்று தொடங்கும் கலனுக்கு இது ஒரு கவலையே அல்ல. அதே கலன் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அழுத்தம் ஏற்றி இறக்கும் வாயுப் பிரிப்பு வேலையில் இருந்தால், ஆண்டுக்கு 35,040 சுற்றுகள். இரண்டேகால் ஆண்டில் எல்லை வந்துவிடும். அல்ட்ராசோனிக் அளவீட்டில் இரண்டு மில்லிமீட்டர் தவறு நேர்ந்து உண்மை ஆழம் 8-ஆக இருந்தால், 81,000 என்பது 60,000-க்குக் கீழே இறங்கிவிடும். எனவே கணக்கில் வரும் ஆயுளில் பாதி முடிவதற்குள் மறுபடி அளக்காவிட்டால், விட்டுவைப்பது கண்காணிப்பாகாது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: விரிசல் அழுத்தச் சுற்றுகளால் மட்டும் வளர வேண்டும். ஈரமான ஹைட்ரஜன் சல்பைடு, காஸ்டிக், அமீன் போன்றவை உள்ள சூழலில் விரிசல் சுற்றுகளை எண்ணிக்கொண்டு காத்திருப்பதில்லை. அழுத்தம் நிலையாக இருக்கும்போதும் நாள்கணக்கில் வளரும். அங்கே பாரிஸ் விதி தரும் 81,000 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. விரிசல் ஏன் வந்தது என்று சொல்ல முடியாத ஆலையில் முதல் வழியை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது வழியான அழுத்தக் குறைப்பு, எல்லாருக்கும் பாதுகாப்பாகத் தோன்றுவது. எண்கள் அந்த அளவு உறுதி தருவதில்லை. அழுத்தத்தை 9-இலிருந்து 7-க்கு இறக்கினால், அதாவது 22 சதவீதம் குறைத்தால், வெப்பச் சிகிச்சை பெறாத கலனில் K 64.5-இலிருந்து 61-க்குத்தான் இறங்குகிறது. ஐந்தாறு சதவீதம் மட்டுமே. விரிசலைத் திறக்கும் தகைவில் பெரும்பங்கு எஞ்சிய தகைவு. அது நம் அழுத்தமானியைப் பார்த்து நடப்பதில்லை. சிகிச்சை பெற்ற கலனில்கூட 30 என்பது 26.5 ஆகிறது, அவ்வளவுதான். அழுத்தக் குறைப்பின் உண்மையான பயன், அழுத்தச் சுற்றுகளால் விரிசல் வளரும் சோர்வு வளர்ச்சியில் தெரியும்: வீச்சின் முப்படியைப் பொறுத்து வேகம் மாறுவதால், அதே குறைப்பில் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது. ஆகவே விரைவாகச் சுற்றும் கலனுக்கு, அடுத்த நிறுத்தம்வரை காலம் வாங்க இது நல்ல வழி. நொறுங்கி முறியும் ஆபத்துக்கு இது மருந்தல்ல. அதற்குக் கலன் போதிய சூடு அடைந்த பின்னரே அழுத்தம் ஏற்றுவது என்ற கட்டுப்பாடு இதைவிட அதிகம் உதவும்.

மூன்றாவது, தேய்த்தெடுப்பது. விரிசலை முழுவதும் எடுத்துவிட்டு, பள்ளத்தின் ஓரங்களைச் சரிவாக மழுக்கிவிட்டு, வெல்டிங் போடாமல் விடுவது. கூர்முனை போய்விட்டால் K என்ற கேள்வியே அங்கு இல்லை. மீதிச் சுவர் போதுமா என்ற எளிய கேள்விதான் இருக்கும். அனுமதிக்கப்பட்ட தகைவு 138 மெகாபாஸ்கல் என்று கொண்டால், நம் கலனுக்கு வடிவமைப்பு விதி கேட்கும் தடிமன் 68 மில்லிமீட்டர், இருப்பது 75. துருவுக்கென்று ஒதுக்கியதையும் சேர்த்து 7 மில்லிமீட்டர் கையிருப்பு. 6 மில்லிமீட்டர் விரிசல் அதற்குள் அடங்கிவிடும். தேய்க்கத் தேய்க்க அது 9 மில்லிமீட்டர் என்று தெரிந்தால், 66-தான் மிஞ்சும். அப்போதும் உடனே வெல்டிங்குக்குப் போக வேண்டியதில்லை. கலன் முழுவதும் மெலியவில்லை, உள்ளங்கையளவு இடம்தான் மெலிந்திருக்கிறது. சுற்றியுள்ள முழுத் தடிமன் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட இடம் சார்ந்த மெலிவை மதிப்பிடவே ஏபிஐ 579 என்ற அமெரிக்கத் தரநூலில் தனி முறை இருக்கிறது.

இந்த வேலை கெட்டுப்போவது செய்யும் விதத்தில்தான். நான் பார்த்த ஓர் ஆலையில், கிரைண்டிங் செய்தவர் ஐந்து மில்லிமீட்டர் எடுத்தபின் நிறமூட்டிச் சோதனை போட்டார்கள். வெள்ளை டெவலப்பர்மேல் ஒரு சிவப்புக் கோடும் எழவில்லை. எல்லாரும் முடிந்தது என்று கருவிகளை எடுத்து வைத்தார்கள். வற்புறுத்தலின் பேரில் அதே இடத்தில் ஒளிரும் காந்தத் துகள் சோதனை செய்தபோது, புறஊதா விளக்கின் கீழ் பச்சையாக, தலைமுடிபோல ஒரு கோடு அப்படியே கிடந்தது. சக்கரத்தை அழுத்திப் பிடித்துத் தேய்த்ததில் உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிட்டிருந்தது. சாயம் உள்ளே போகவே இல்லை. அதிலிருந்து நான் கேட்பது: சக்கரம் மெல்ல ஓட வேண்டும், அரை மில்லிமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும், கடைசிச் சோதனை காந்தத் துகளாக இருக்க வேண்டும். எடுத்த ஆழத்தை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதி வைத்தால், விரிசலின் உண்மை வடிவம் நமக்குக் கிடைக்கிறது. அல்ட்ராசோனிக் சொன்ன 6 எவ்வளவு சரி என்பதும் தெரிகிறது.

நான்காவது வழிக்கு வருவோம். பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பினால் தடிமன் திரும்பிவிடும், வரைபடத்தில் இருப்பதுபோலவே கலன் இருக்கும், அறிக்கையும் அழகாக முடியும். ஆனால் அந்த இடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொழிற்சாலை உலையில் தணிந்த எஞ்சிய தகைவு, புது வெல்டிங்கால் மீண்டும் 350-க்குப் போய்விடும். தடித்த குளிர்ந்த சுவர் வெப்பத்தை விரைவாக உறிஞ்சிக்கொள்வதால், வெல்டிங் ஓரம் கடினப்பட்டுத் தாங்குதிறன் குறையும். வெப்பச் சிகிச்சை செய்யாமல் விட்டால், மேலே கண்ட 5.2 மில்லிமீட்டர் எல்லை இப்போது இந்தக் கலனுக்கே பொருந்துகிறது. 24 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொண்டிருந்த இடத்தை, ஐந்து மில்லிமீட்டருக்கே முறியும் இடமாக நாமே மாற்றியிருக்கிறோம். அதுவும் ஆள் உள்ளே நெருக்கடியில் படுத்துக்கொண்டு போட்ட, புதிய குறைகள் இருக்க வாய்ப்புள்ள வெல்டிங்கில்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ரோமியோவில் என்ற ஊரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 1984 ஜூலை 23 அன்று 17 பேர் இறந்தது இப்படிப்பட்ட ஒரு பழுதுபார்ப்பின் தொடர்ச்சியாகத்தான். 1970-இல் நிறுவிய அமீன் கோபுரத்தின் ஒரு வளையத்தை 1974-இல் அதே இடத்தில் வைத்தே மாற்றி வெல்டிங் போட்டார்கள். அதற்குப் பின் வெப்பச் சிகிச்சை செய்யவில்லை. கடினப்பட்ட வெல்டிங் ஓரத்தில் ஹைட்ரஜன் புகுந்து விரிசல்களை வளர்த்தது. அன்று மாலை பணியாளர் ஒருவர் 15 சென்டிமீட்டர் அளவுள்ள பிளவில் வாயு கசிவதைக் கண்டு வால்வை மூடப் போனார். மூடிக்கொண்டிருக்கும்போதே பிளவு 60 சென்டிமீட்டர் ஆனது. சற்று நேரத்தில் கோபுரம் இரண்டாகி, மேற்பகுதி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. 2.6 மீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட அந்தக் கோபுரத்தில் அழுத்தம் 1.4 மெகாபாஸ்கல்தான், பிளவைத் திறந்த நெடுக்குவாட்டுத் தகைவு வெறும் 36 மெகாபாஸ்கல். ‘முதலில் கசியும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர்களுக்கு நான் சொல்வது இந்த நிகழ்வைத்தான்: அது முதலில் கசியத்தான் செய்தது.

வெல்டிங் தவிர்க்க முடியாத நிலைகள் உண்டு. விரிசல் 20 மில்லிமீட்டர் ஆழம் என்று தெரிந்து, இடம் சார்ந்த மெலிவு மதிப்பீட்டிலும் தேறாவிட்டால், நிரப்பித்தான் ஆக வேண்டும். அப்போது முன்சூடு, பின்னர் அந்தச் சுற்றுப்பட்டை முழுவதையும் ஏறத்தாழ 600 டிகிரிக்கு ஏற்றித் தடிமனுக்கேற்ற நேரம் பிடித்து வைக்கும் வெப்பச் சிகிச்சை, ஓரத்தின் கடினத்தன்மை அளவீடு, குறைந்தது இரண்டு நாள் கழித்து மறு அல்ட்ராசோனிக் சோதனை ஆகிய எல்லாவற்றுக்கும் நிறுத்தக் கால அட்டவணையில் இடம் இருக்க வேண்டும். இரண்டு நாள் காத்திருப்பு வெறும் சடங்கல்ல. ஹைட்ரஜனால் வரும் விரிசல் வெல்டிங் ஆறி நேரம் கழித்தே தலைகாட்டும். இவற்றுக்கு நாள் ஒதுக்க முடியாது என்று சொல்லும் ஆலை, வெல்டிங் போடவும் கூடாது.

ஆகவே நம் கலனுக்கு, காரணம் தெரியாத நிலையில் இருக்கும் இந்த 6 மில்லிமீட்டர் விரிசலுக்கு, என் முடிவு தேய்த்தெடுப்பதுதான். எடுத்த பள்ளத்தின் அளவை வரைபடத்தில் குறித்து, அதே வெல்டிங்கின் மீதி நீளம் முழுவதையும் காந்தத் துகளால் பார்க்கச் சொல்வேன். ஒரு விரிசலை உண்டாக்கிய சூழல் ஓர் இடத்தோடு நின்றிருக்கும் என்று நம்ப வழியில்லை. மேலும் இரண்டு மூன்று இடங்களில் கோடுகள் தெரிந்து, அவை உலோகப் படிகங்களின் எல்லைகளில் கிளைத்து ஓடுவதை மேற்பரப்பில் எடுக்கும் நகலெடுப்பு காட்டினால், இது சோர்வல்ல, உள்ளிருக்கும் பொருளின் வேலை. அப்போது அடுத்த ஆய்வை நான்கு ஆண்டு கழித்து என்று எழுதியிருந்ததை அழித்து, ஓராண்டு என்று மாற்றி எழுதுவேன்.